ஜெர்மனியில் ஓட்டிய காரை பிரிட்டனுக்கு வீடு திரும்பும்போது கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக ஜெர்மனிக்குப் போய், சில வருடம் அங்கே இருந்துவிட்டு மறுபடியும் பிரிட்டனில் குடியேற வருகிற நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்துக்கு விதிகள் வேறு.

"நாலு வருஷம் மியூனிக்கில் இருந்தோம். இப்போது ஹாரோவில் எங்கள் வீட்டுக்கே திரும்புகிறோம். காருக்கு சுங்கவரி கட்டித்தான் ஆக வேண்டுமா?"

பெரும்பாலும் கட்ட வேண்டியதில்லை. குடிபெயர்ந்து வருபவர்களுக்கு வரி, சுங்கத் துறையான எச்எம்ஆர்சி ஒரு சலுகை வைத்திருக்கிறது. நீங்கள் தொடர்ந்து 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். கார் குறைந்தது 6 மாதம் உங்களுக்குச் சொந்தமாக, உங்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். வந்த பிறகு 12 மாதம் அதை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இன்னொருவருக்கு இரவல் கொடுக்கவோ கூடாது. இவை பொருந்தினால் சுங்கவரியும் இல்லை, வாட் வரியும் இல்லை.

சலுகை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். போக்குவரத்துச் செலவு உட்பட காரின் மதிப்பு 18,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். கார்களுக்கான சுங்கவரி 10 சதவீதம், அது 1,800. வாட் 20 சதவீதம், ஆனால் அது 18,000-க்கு மட்டும் இல்லை. சுங்கவரியையும் சேர்த்து 19,800-க்குப் போடுவார்கள், அது 3,960. ஆக மொத்தம் 5,760 பவுண்ட். ஒரு விண்ணப்பத்தை நேரத்துக்குப் போட்டோமா இல்லையா என்பதில்தான் இவ்வளவு பணமும் நிற்கிறது.

"கார் ஜெர்மனியில் தயாரானதுதானே? ஐரோப்பாவோடு ஒப்பந்தம் இருப்பதால் எப்படியும் வரி இல்லை என்று ஒரு நண்பர் சொன்னாரே?"

அவர் சொல்வது சுங்கவரிக்கு மட்டும்தான். அந்த ஒப்பந்தச் சலுகைக்கும், கார் எங்கே உருவானது என்பதற்கு விதிப்படி எழுதிய சான்று வேண்டும். சொந்த உபயோகத்தில் இருந்த பழைய காருக்குத் தனிநபர் ஒருவர் அதை வாங்குவது பெரும்பாடு. காரின் மேல் ஒட்டியிருக்கும் சின்னம் சான்று ஆகாது. சான்று கிடைத்தாலும் வாட் வரியிலிருந்து தப்ப முடியாது. அதனால் குடிபெயர்ச்சிச் சலுகையையே நம்புங்கள்.

"சலுகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? லண்டன் வந்து செட்டில் ஆன பிறகு போட்டால் போதாதா?"

போதாது. கார் ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். gov.uk தளத்தில் `ToR1` என்று தேடினால் விண்ணப்பம் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டால் எச்எம்ஆர்சி ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணைத்தான் சுங்க அறிவிப்பில் போட வேண்டும். எண் இல்லாமல் வந்து நின்றால் சாதாரண இறக்குமதியாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். அப்புறம் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் நகல், ஜெர்மனியில் வசித்ததற்கான சான்று, பிரிட்டனில் குடியிருக்கப் போகும் முகவரிக்கான சான்று, கொண்டுவரும் பொருட்களின் பட்டியல் ஆகியவற்றைக் கேட்பார்கள். காருக்குத் தனியாக மாடல், சேசிஸ் எண், பதிவுச் சான்று, வாங்கிய பில் வேண்டும். வீட்டுச் சாமான்களையும் காரையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுவிடலாம். பதில் வர சில வாரம் ஆகலாம் என்று நினைத்துக்கொண்டு, வீடு காலி செய்யும் தேதி தெரிந்ததுமே போட்டுவிடுவது நல்லது.

காலக்கெடுவில் கொஞ்சம் தாராளம் உண்டு. நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கார் வந்தால் போதும்.

"கார் என் மனைவி பேரில் இருக்கிறது. இன்னொரு காரை கம்பெனி கொடுத்தது. இரண்டுக்கும் நான் விண்ணப்பிக்கலாமா?"

மனைவியின் காருக்கு மனைவியே விண்ணப்பிக்கட்டும். ஜெர்மன் பதிவுச் சான்றில் இருக்கும் பெயரும், பில்லில் இருக்கும் பெயரும், விண்ணப்பதாரர் பெயரும் ஒன்றாக இருந்தால் கேள்வியே எழாது. நம்மில் இனிஷியலும் அப்பா பெயரும் மாறி மாறி வரும் வழக்கம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கார் பேப்பரில் ஒரு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கி ஒரு கடிதத்தைச் சேர்த்தே அனுப்புங்கள்.

கம்பெனி கார், லீஸ் கார் இரண்டும் உங்கள் சொத்து இல்லை; சலுகை கிடையாது. லீஸ் முடிவில் காரை விலைக்கு வாங்கிக்கொண்டு உடனே கொண்டுவரலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். 6 மாதச் சொந்தம் என்ற நிபந்தனையை மறந்துவிட வேண்டாம்.

"போகும்போது லண்டனிலிருந்து நாங்களே எடுத்துக்கொண்டு போன கார். அதையும் இறக்குமதி என்பார்களா?"

பேப்பரில் இறக்குமதிதான். ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. வெளியே போய்த் திரும்பி வரும் பொருளுக்கென்று தனி வரிவிலக்கு உண்டு. பொதுவாக மூன்று வருடத்துக்குள், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் திரும்பி வர வேண்டும். வாட் விலக்குக்கு, கொண்டுபோனவரே கொண்டுவர வேண்டும். இங்கிருந்து போன தேதியைக் காட்ட பழைய படகு டிக்கெட், பழைய பதிவுப் புத்தகத்தின் நகல் எல்லாம் உதவும். அப்படிப்பட்ட காருக்கு வழக்கமாகப் பழைய நம்பரே திரும்பக் கிடைக்கும்.

"ஜெர்மனியில் பதிவை எப்போது ரத்து செய்வது? இங்கே வந்து நிதானமாகச் செய்துகொள்ளலாமா?"

அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மன் பதிவுச் சான்று இரண்டு பகுதி. இங்கே பதிவு செய்யும்போது வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ வெளிநாட்டுப் பதிவுச் சான்றின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும்; திருப்பித் தராது. ஜெர்மனியில் பதிவை ரத்து செய்யவும் அதே சான்றின் முதல் பகுதியும் நம்பர் பிளேட்டுகளும் வேண்டும். அசலை இங்கே கொடுத்துவிட்டால் அங்கே ரத்து செய்வது தலைவலி. ரத்து ஆகாத வரை ஜெர்மன் வாகன வரியும் இன்சூரன்சும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரத்து செய்த காரைச் சாதாரண பிளேட்டில் ஓட்ட முடியாது. நீங்களே ஓட்டிக்கொண்டு வருவதானால் பதிவு அலுவலகத்தில் ஏற்றுமதி பிளேட் வாங்க வேண்டும். காலாவதி தேதி அந்த பிளேட்டிலேயே அச்சாகியிருக்கும். இன்சூரன்சும் அந்தத் தேதி வரைதான். டிரக்கில் ஏற்றி அனுப்புவதானால் பிளேட் தேவைப்படாது.

கிளம்பும் முன் எல்லாப் பேப்பரையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அப்புறம், கார் தயாரிப்பாளர் கொடுத்த ஐரோப்பிய இணக்கச் சான்றிதழ் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவையுங்கள். கார் வாங்கியபோது கொடுத்த கோப்பில் இருக்கும். காணோம் என்றால் தயாரிப்பாளரிடம் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். இங்கே காரின் தரத்துக்கான அனுமதி வாங்கவும், கரியமில வாயு அளவு காட்டவும் அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.

"டோவரில் இறங்கியதும் அப்படியே வீட்டுக்கு ஓட்டிப்போய், ஆறு மாதம் ஜெர்மன் பிளேட்டிலேயே ஓட்டலாமா?"

அந்த ஆறு மாதம் சுற்றுலாவாக வருபவர்களுக்கு. குடியிருக்க வந்தவருக்கு இல்லை. நீங்கள் இங்கே வசிப்பவர் ஆகிவிட்டால் காரைப் பதிவு செய்து, சாலைவரி கட்டிய பிறகுதான் தெருவில் எடுக்கலாம். முன்கூட்டியே பதிவு செய்த எம்ஓடி பரிசோதனைக்கோ, தர அனுமதிப் பரிசோதனைக்கோ ஓட்டிப்போவது மட்டும் விலக்கு. அதற்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரக்கூட அந்தக் காரை எடுக்க முடியாது. முதல் இரண்டு மாதத்துக்கு வேறு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வந்த 14 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கான பதிவேட்டை நோவா என்பார்கள். ஏற்றி வரும் கம்பெனி சுங்க வேலையைச் செய்தால் உங்கள் சலுகை எண்ணை அவர்களிடம் எழுத்தில் கொடுத்து, அறிவிப்பில் அது போடப்பட்டதா என்று நகல் கேட்டுப் பாருங்கள். நோவாவில் உங்கள் கார் 'வரி விவகாரம் முடிந்தது' என்று ஏறாத வரை டிவிஎல்ஏ பதிவு செய்யாது. பதிவு விண்ணப்பம் திரும்பி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்: சேசிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவர்கள் கணினியில் கார் தெரியாது.

"அது ஐரோப்பிய தரத்தில் செய்த கார். இங்கே மறுபடியும் என்ன பரிசோதனை?"

பத்து வருடத்துக்கு உட்பட்ட கார் என்றால் பிரிட்டன் சாலைக்கு ஏற்றது என்று ஒரு அனுமதி வேண்டும். ஐரோப்பிய அனுமதி பெற்ற, இடதுபக்க ஸ்டியரிங் கார்களுக்கு 'ஜிபி கன்வெர்ஷன் ஐவிஏ' என்று தனித் திட்டம் இருக்கிறது. விசிஏ என்ற அலுவலகம் பேப்பரையும் படங்களையும் பார்த்தே சான்றிதழ் தருகிறது. ஸ்டியரிங்கை மாற்றச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று விஷயங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

முதலாவது ஹெட்லைட். இதில்தான் பணம் போகும். இரவில் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். ஒளியின் மேல் விளிம்பு ஒரு பக்கம் நேராக இருக்கும், இன்னொரு பக்கம் சாய்வாக மேலே ஏறும். சாலை ஓரத்தைக் காட்டத்தான் அந்த ஏற்றம். ஜெர்மன் காரில் அது வலப்பக்கம் ஏறும். இங்கே நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த ஏற்றம் நேரே எதிரில் வருபவர் கண்ணில் போய் அடிக்கும். பயணிகள் ஒட்டும் ஸ்டிக்கர் தற்காலிகமானது, பதிவுக்குச் செல்லாது. சில விளக்குகளுக்குள் இடம் வலம் மாற்றும் சிறிய நெம்புகோல் இருக்கும். அந்த அதிர்ஷ்டம் இருந்தால் வேலை சில நிமிடம்தான். சில புது எல்இடி விளக்குகளை டீலர் கணினி வழியாக மாற்றித் தருவார். இரண்டும் இல்லையென்றால் பிரிட்டன் மாடல் ஹெட்லைட் ஒரு ஜோடி வாங்க வேண்டும். எல்இடி ஜோடி ஆயிரம் பவுண்டை எளிதாகத் தாண்டும். ஜெர்மனியில் இருக்கும்போதே சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்டுவிடுங்கள். காரைக் கொண்டுவருவதா வேண்டாமா என்பதையே இந்த ஒரு பதில் முடிவு செய்யலாம். மெனுவில் இருக்கும் 'பயண நிலை'யை டீலர் காட்டினால், அது நிரந்தரமாக இடப்பக்கச் சாலைக்குப் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது வேகமானி. மைலில் காட்ட வேண்டும். திரை வகையாக இருந்தால் அமைப்பில் மாற்றினால் போதும். மாற்றிய பிறகு படம் எடுத்து வையுங்கள். முள் வகையில் கிலோமீட்டர் மட்டும் இருந்தால் டயல் முகப்பையோ மொத்த யூனிட்டையோ மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது பின்பக்க மூடுபனி விளக்கு. அது நடுவிலோ வலப்பக்கமோ எரிய வேண்டும். பல ஜெர்மன் கார்களில் இடப்பக்கம் மட்டும்தான் எரியும். அந்தி நேரத்தில் விளக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள், தெரிந்துவிடும். சில கார்களில் வலப்பக்க விளக்குக் கூட்டுக்குள் காலி ஹோல்டர் இருக்கும். பல்பும் ஒயரும் போட்டால் முடிந்தது. சிலவற்றில் வலப்பக்கக் கூட்டையே மாற்ற வேண்டும்.

வேலை செய்த கராஜ் கொடுக்கும் பில்லில் சேசிஸ் எண்ணும், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் 'லைட் வேலை' என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

"எங்கள் கார் துபாயில் வாங்கியது. இதே வழிதானா?"

வரிச் சலுகை இதேதான். தர அனுமதி வேறு. வளைகுடா மாடலுக்கு ஐரோப்பிய இணக்கச் சான்று இருக்காது என்பதால் பேப்பரில் முடியாது. காரைப் பரிசோதனை நிலையத்துக்கே கொண்டுபோய் ஐவிஏ பரிசோதனை செய்ய வேண்டும். மாசு அளவு, கண்ணாடி, விளக்கு என்று நிறைய பார்ப்பார்கள். சாதாரண ஒரு காருக்காக இவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன்.

"கார் பத்து வருடம் தாண்டிவிட்டது. நல்லதா கெட்டதா?"

தர அனுமதி தேவையில்லை; அந்த வகையில் நல்லது. ஆனால் ஹெட்லைட்டும் பின் விளக்கும் எம்ஓடியில் எப்படியும் பிடிபடும். மூன்று வருடம் தாண்டிய எந்தக் காருக்கும் பதிவுக்கு முன் எம்ஓடி வேண்டும். அதைச் சேசிஸ் எண்ணை வைத்தே செய்துகொடுப்பார்கள். விளக்கு வேலையை முடித்துவிட்டு எம்ஓடிக்குப் போங்கள். இல்லாவிட்டால் தோற்றுப்போய் இரண்டாம் முறை போக வேண்டும்.

"பதிவுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்?"

டிவிஎல்ஏ தளத்தில் இறக்குமதிக்கான படிவத் தொகுப்பை வரவழைத்துக்கொள்ளுங்கள். உபயோகித்த காருக்கு `V55/5` படிவம். அதோடு ஜெர்மன் பதிவுச் சான்றின் அசல், தர அனுமதிச் சான்றிதழ், எம்ஓடி, பிரிட்டன் டிரைவிங் லைசென்ஸ் நகல், 55 பவுண்ட் பதிவுக் கட்டணம், சாலைவரிப் பணம் ஆகியவை. எல்லாவற்றையும் ஸ்வான்சிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காத தாள்கள் அந்த உறையில் இருக்கின்றன. லைசென்சில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெயர், முகவரிக்கு வேறு சான்று வைக்க வேண்டும்.

படிவத்தில் நிறையக் கட்டங்கள் இருக்கும். எடை, எஞ்சின் அளவு, கரியமில அளவு எல்லாவற்றையும் இணக்கச் சான்றிதழைப் பார்த்து நிரப்பலாம். முதல் பதிவுத் தேதியை ஜெர்மன் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். காரின் வயதைக் காட்டும் பிளேட் எழுத்து அதை வைத்துத்தான் வரும். ஜெர்மனியில் மாதத்துக்கு முன் நாள் எழுதுவார்கள், இங்கேயும் அப்படித்தான், ஆகவே குழப்பம் இல்லை.

பதில் வர ஆறு வாரம் வரை ஆகலாம். `V5C` என்ற பதிவுப் புத்தகம் வந்ததும் அதைக் காட்டி, பதிவு பெற்ற கடையில் நம்பர் பிளேட் செய்துகொள்ளலாம்.

"நம்பரே இல்லாத காருக்கு இன்சூரன்ஸ் யார் கொடுப்பார்கள்?"

சேசிஸ் எண்ணை வைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஒப்பீட்டுத் தளங்களில் கிடைக்காது, இறக்குமதி கார்களைப் பார்க்கும் புரோக்கரிடம் போனில் பேச வேண்டும். இடதுபக்க ஸ்டியரிங் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் விபத்து இல்லாமல் ஓட்டிய வருடங்களுக்கு அங்குள்ள கம்பெனியிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வந்தால், சிலர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

"ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் ஓட்ட வேறு ஏதாவது கட்ட வேண்டுமா?"

டீசல் கார் என்றால் இதை முதலில் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் யூலெஸ் மண்டலத்துக்குள் வந்துவிட்டன. டீசல் யூரோ 6, பெட்ரோல் யூரோ 4 தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். யூரோ 5 டீசலை ஹாரோவுக்குக் கொண்டுவந்து தினமும் வேலைக்கு ஓட்டினால், வரியில் மிச்சப்படுத்தியது இரண்டே வருடத்தில் கரைந்துவிடும். அந்தக் காரை ஜெர்மனியிலேயே விற்றுவிடுவது மேல். யூரோ தரமும் அந்த இணக்கச் சான்றிதழில்தான் இருக்கிறது. பதிவான பிறகு லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள். தரமான காரைத் தவறாக 'கட்டணம் உண்டு' என்று காட்டினால், அந்தச் சான்றிதழ் நகலை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

"ஆறு மாதத்தில் விற்றுவிட்டு வலதுபக்க ஸ்டியரிங் கார் வாங்க நினைக்கிறோம். முடியுமா?"

12 மாதம் முடியும் முன் விற்பதானால் எச்எம்ஆர்சிக்குத் தெரிவித்து, விட்டுக்கொடுத்த வரியைக் கட்ட வேண்டியிருக்கும். அண்ணன் தம்பிக்கு ஓட்டக் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். அப்படி ஒரு எண்ணம் இப்போதே இருந்தால், இடதுபக்க ஸ்டியரிங் காருக்கு இங்கே வாங்க ஆளும் குறைவு, விலையும் குறைவு என்பதால், ஜெர்மனியில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தோடு வாருங்கள்.